எந்தப் பத்தி? யார் எழுதியது?

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் ஒரு முடிவைச் சொன்னார்கள்: அந்தரங்கம் அடிப்படை உரிமை. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி தொடுத்த வழக்கு அது. தீர்ப்பு 547 பக்கம். அன்றிலிருந்து ஆதார், தொலைபேசி ஒட்டுக்கேட்பு, கண்காணிப்பு கேமரா என்று எந்த வழக்கு வந்தாலும் வக்கீல்கள் இந்தத் தீர்ப்பைக் காட்டுகிறார்கள்.

அரசு ஒருவருடைய அந்தரங்கத்தில் தலையிடலாமா என்பதைச் சோதிக்க இந்தத் தீர்ப்பு எத்தனை நிபந்தனைகளை விதித்தது? ஒரு வக்கீல் மூன்று என்பார், இன்னொருவர் நான்கு என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் எழுதிய பகுதியில் மூன்று நிபந்தனைகள் இருக்கின்றன: சட்டம் இருக்க வேண்டும், நியாயமான அரசு நோக்கம் இருக்க வேண்டும், தலையீடு அந்த நோக்கத்துக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும். நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் எழுதிய பகுதியில் நான்காவதாக ஒன்று சேர்கிறது. அதிகாரம் தவறாகப் பயன்படாமல் தடுக்கும் நடைமுறைப் பாதுகாப்பும் வேண்டும் என்கிறார் அவர். சந்திரசூட் தனக்காகவும் வேறு மூன்று நீதிபதிகளுக்காகவும் எழுதினார். கவுல் தனக்காக மட்டுமே எழுதினார். ஆகவே ‘புட்டசாமி தீர்ப்பு சொல்கிறது’ என்று எழுதினால் பாதி விஷயம் மறைந்துவிடுகிறது. எந்தப் பத்தி, எந்த நீதிபதி என்பதையும் சொன்னால்தான் எதிர்த்தரப்பு வக்கீலும் நீதிபதியும் சரிபார்க்க முடியும்.

வக்கீல்கள் பேச்சில் ‘சைட்டேஷன்’ என்பது தீர்ப்பு அச்சான இடத்தின் முகவரி. (2017) 10 SCC 1 என்பதைப் பிரித்துப் பார்த்தால், 2017ஆம் ஆண்டில் வந்த ‘சுப்ரீம் கோர்ட் கேசஸ்’ என்ற திரட்டின் பத்தாவது தொகுதியில் முதல் பக்கத்தில் தீர்ப்பு தொடங்குகிறது என்று பொருள். தீர்ப்பு தொடங்கும் இடம் மட்டுமே இதில் தெரியும். நீதிபதி தேடும் வரி நூற்றுக்கணக்கான பக்கங்களில் எங்கேயோ இருக்கும். அதனால் முகவரியோடு பத்தி எண்ணையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். தெருப் பெயரோடு கதவு எண்ணையும் சொல்வது போல.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. கதவு எண் எல்லா ஊரிலும் ஒன்றாக இல்லை.

புட்டசாமி வழக்கில் ஆறு தனித்தனித் தீர்ப்புரைகள் உண்டு. உச்ச நீதிமன்றம் கையெழுத்திட்டு வெளியிட்ட மூலத்தில் ஒவ்வொன்றும் பத்தி 1-இலிருந்து தொடங்குகிறது. சந்திரசூட்டின் மூன்று நிபந்தனைகள் அதில் 180ஆவது பத்தி. கவுலின் நான்கு நிபந்தனைகள் 71ஆவது பத்தி. எஸ்.சி.சி. திரட்டு ஆறையும் ஒரே வரிசையாக எண்ணிட்டு அச்சிட்டது. அங்கே முதலாவது பத்தி 310, இரண்டாவது பத்தி 638. அதே வாசகத்துக்கு இரண்டு எண்கள்.

இப்போது ஒரு ஜூனியர் வக்கீல், இணையத்தில் இறக்கிய மூலத்தைப் படித்துவிட்டு, மனுவில் (2017) 10 SCC 1, பத்தி 71 என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நீதிபதி எஸ்.சி.சி. தொகுதியைத் திறந்து 71ஆவது பத்தியைப் பார்த்தால் அங்கே வேறு ஏதோ இருக்கும். மூலத்தையே திறந்தாலும் முதலில் கண்ணில் படுவது சந்திரசூட்டின் 71ஆவது பத்தியாகத்தான் இருக்கும். எழுதியவர் செய்த தவறு ஒன்றுதான்: முகவரியை ஒரு பதிப்பிலிருந்தும் பத்தி எண்ணை இன்னொரு பதிப்பிலிருந்தும் எடுத்துவிட்டார். எந்தப் பதிப்பின் பெயரை எழுதுகிறோமோ அதே பதிப்பைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பத்தி எண்ணையும் எடுக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட தீர்ப்புரைகள் இருந்தால் பத்தி எண்ணுக்குப் பக்கத்தில் நீதிபதியின் பெயரும் வர வேண்டும்.

எண் சரியாக இருந்தும் மேற்கோள் தவறாகிவிடுகிற இடங்கள் உண்டு. இந்தியத் தீர்ப்புகள் பொதுவாக வழக்கின் சம்பவங்களைச் சொல்லி, பிறகு இரு தரப்பு வாதங்களையும் தொகுத்து, அதன் பின்னரே நீதிமன்றத்தின் ஆய்வுக்குள் போகும். வாதத்தைத் தொகுக்கும் பத்தியில் நமக்குச் சாதகமான வரி ஒன்று பளிச்சென்று இருக்கும். அது மனுதாரரின் வக்கீல் சொன்னது. நீதிமன்றம் நான்கு பக்கம் தள்ளி அதை நிராகரித்திருக்கலாம். மேற்கோள் காட்டும் பத்திக்கு மேலே போய், எந்தத் தலைப்பின் கீழ் அது வருகிறது என்று பார்த்தால் இது தெரிந்துவிடும்.

இன்னொரு பொறி, தீர்ப்புக்குள் இருக்கும் தீர்ப்பு. நீதிபதி பழைய தீர்ப்பு ஒன்றிலிருந்து இரண்டு பக்கம் எடுத்துக் காட்டும்போது அந்தப் பழைய பத்தி எண்களும் அப்படியே உள்ளே வந்துவிடும். 42ஆவது பத்திக்குள் திடீரென்று ‘15.’ என்று ஓர் எண் தெரிந்தால் அது வேறொரு தீர்ப்பின் எண். மேற்கோளில் வர வேண்டியது 42. அங்கே எடுத்தாளப்பட்ட பழைய தீர்ப்பின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். திரட்டுகளில் தீர்ப்புக்கு முன்னால் வரும் ‘ஹெட்நோட்’ பதிப்பாசிரியர் எழுதிய சுருக்கம். தேடுவதற்கு அது உதவும், ஆனால் நீதிபதி சொன்னதாக அதை எடுத்துக்காட்டக் கூடாது.

பழைய தீர்ப்புகள் பலவற்றில் பத்தி எண்ணே கிடையாது. உச்ச நீதிமன்றத்தின் அதிகாரபூர்வத் திரட்டான எஸ்.சி.ஆர். பக்கங்களின் ஓரத்தில் ஏ முதல் எச் வரை எழுத்துகள் மேலிருந்து கீழாக அச்சாகியிருக்கும். அந்தத் தீர்ப்புகளுக்குப் பக்க எண்ணும் ஓர எழுத்தும்தான் கதவு எண்.

இதுவரை பார்த்தது திரட்டில் ஏறிய தீர்ப்புகள். ஏறாதவையே அதிகம். நேற்று வந்த தீர்ப்பு இன்னும் அச்சாகியிருக்காது. பதிப்பாளர்கள் தேர்ந்தெடுக்காமல் விட்ட தீர்ப்பு என்றைக்குமே அச்சாகாது. அச்சாகவில்லை என்பதால் அதற்கு வலு இல்லை என்று ஆகாது. உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்கிறது அரசியலமைப்பின் 141ஆவது பிரிவு. அது திரட்டில் வந்ததா என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. ஆனால் முகவரி இல்லாத தீர்ப்பை மற்றவர் கண்டுபிடிக்கும்படி எழுதுவது எழுதுகிறவரின் பொறுப்பாகிவிடுகிறது.

தேர்தல் பத்திர வழக்கை எடுத்துக்கொள்ளலாம். ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் தொடுத்த அந்த வழக்கின் எண், 2017ஆம் ஆண்டின் ரிட் மனு (சிவில்) 880. இந்த எண்ணை மட்டும் எழுதினால் போதுமா? 2021 மார்ச் 26 அன்று இதே வழக்கில் உச்ச நீதிமன்றம் புதிய பத்திரங்கள் விற்பதற்குத் தடை விதிக்க மறுத்தது. 2024 பிப்ரவரி 15 அன்று இதே வழக்கில் பத்திரத் திட்டத்தையே செல்லாது என்றது. ஒரே எண், எதிரெதிர்த் திசையில் இரண்டு உத்தரவுகள். தேதி இல்லாவிட்டால் எதைச் சொல்கிறோம் என்றே தெரியாது.

ஆகவே திரட்டில் வராத தீர்ப்புக்குக் கொடுக்க வேண்டியவை இவை: இரு தரப்பின் பெயர், வழக்கின் வகையும் எண்ணும் ஆண்டும், நீதிமன்றம், தீர்ப்பு சொன்ன நாள், பத்தி எண், தேவைப்பட்டால் நீதிபதியின் பெயர். தேர்தல் பத்திரத் தீர்ப்பில் நீதிபதி சஞ்சீவ் கன்னா தனியாக ஒரு தீர்ப்புரை எழுதினார். அதுவும் பத்தி 1-இலிருந்துதான் தொடங்குகிறது என்பதால் பெயர் இங்கேயும் அவசியம்.

ஒவ்வொரு விவரத்திலும் வழுக்கும் இடம் உண்டு. உயர் நீதிமன்றத் தீர்ப்புகளின் முதல் பக்கத்தில் பல சமயம் இரண்டு தேதிகள் இருக்கும். ஒன்று தீர்ப்பை ஒத்திவைத்த நாள், மற்றது தீர்ப்பை வாசித்த நாள். மேற்கோளில் வர வேண்டியது இரண்டாவது. உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனுவாகத் தாக்கலாகும் வழக்கு, அனுமதி கிடைத்ததும் சிவில் அப்பீலாகவோ கிரிமினல் அப்பீலாகவோ புது எண் பெறும். இறுதித் தீர்ப்பு அந்தப் புது எண்ணில்தான் இருக்கும். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலையில் தொடங்கியதிலிருந்து தனி வரிசையில் எண்ணிடுகிறது. அதைக் காட்டுவதற்காகத்தான் வழக்கு வகைக்குப் பின்னால் (MD) என்று வரும். அதை விட்டுவிட்டால் படிப்பவர் சென்னையில் இருக்கும் வேறொரு வழக்கைத் திறந்துவிடுவார்.

இந்தத் தொல்லையின் பெரும்பகுதியைத் தீர்க்க நீதிமன்றங்களே ஒரு வழி செய்துள்ளன. பதிப்பாளரைச் சாராத பொது எண்ணை ஒவ்வொரு தீர்ப்புக்கும் அவையே கொடுக்கின்றன. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதை அறிவித்தது. தேர்தல் பத்திரத் தீர்ப்பின் எண் 2024 INSC 113. சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புகளில் ஆண்டு, MHC, வரிசை எண் என்ற அமைப்பு இருக்கும். பொது எண்ணோடு மூலத்தின் பத்தி எண்ணைச் சேர்த்தால் எந்த நூலகமும் சந்தாவும் இல்லாதவர்கூடத் தேடிச் சரிபார்க்கலாம். ஆனால் பொது எண்ணோடு எஸ்.சி.சி.யின் பத்தி எண்ணை ஒட்டினால் பழைய குழப்பம் திரும்பிவிடும்.

திரட்டில் வராத தீர்ப்பை நீதிமன்றத்தில் காட்டுகிறவர் அதன் முழு நகலை நீதிபதிக்கும் எதிர்த்தரப்புக்கும் கொடுக்க வேண்டும். ஒரு பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தால் முன்பின் தெரியாது. அதற்கு முன்னால் இன்னொரு வேலை இருக்கிறது. உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி சொன்ன தீர்ப்பின் மேல் ரிட் அப்பீல் போயிருக்கலாம், தடையும் கிடைத்திருக்கலாம். திரட்டில் வந்த தீர்ப்பென்றால் பதிப்பாளரின் பின்குறிப்பு உதவக்கூடும். வராத தீர்ப்புக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை. நீதிமன்ற இணையதளத்தின் வழக்கு நிலைப் பக்கத்தில் எண்ணையும் ஆண்டையும் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அந்தத் தீர்ப்பு பின்னால் திரட்டில் ஏறிவிட்டால் புது முகவரிக்கு மாறலாம். அப்போது பத்தி எண்ணையும் புதிதாக எடுக்க வேண்டும். 71 என்று இருந்தது 638 ஆகியிருக்கலாம்.

உச்ச நீதிமன்றத்தின் அதிகாரபூர்வத் திரட்டு 2023 ஜனவரி முதல் இ-எஸ்.சி.ஆர். என்ற பெயரில் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. செய்தியிலோ மனுவிலோ ‘உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது’ என்ற வரியைப் பார்க்கிற எவரும், எந்தத் தேதி, எந்தப் பத்தி, எந்த நீதிபதி என்று கேட்டு அங்கே போய்ப் படித்துவிட்டு வரலாம்.