கொழுக்கட்டைக் கதைக்கு என்ன பெயர் வைப்பது?

மாமியார் வீட்டுக்கு விருந்துக்குப் போன மாப்பிள்ளை அங்கே முதன்முதலாகக் கொழுக்கட்டை சாப்பிடுகிறான். ருசி பிடித்துப்போகிறது. வீட்டுக்குப் போனதும் மனைவியைச் செய்யச் சொல்ல வேண்டும். பெயர் மறந்துவிடக் கூடாதே என்று "கொழுக்கட்டை, கொழுக்கட்டை" என்று சொல்லிக்கொண்டே நடக்கிறான். வழியில் ஒரு வாய்க்கால். "அத்திரிபாச்சா!" என்று ஒரே தாண்டு. தாண்டியதும் கொழுக்கட்டை போய்விட்டது, வாயில் அத்திரிபாச்சா ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்து "அத்திரிபாச்சா செய்" என்கிறான். அப்படியொரு பலகாரத்தை அவள் கேள்விப்பட்டதே இல்லை. "உங்கம்மா செஞ்சாங்க, உனக்குத் தெரியாதா?" என்று கோபத்தில் அடித்துவிடுகிறான். சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு அம்மா, "அடப்பாவி, கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கிப்போச்சே!" என்கிறாள். "அதுதான்! அதைத்தான் செய்யச் சொன்னேன்!" என்று குதிக்கிறான் மாப்பிள்ளை.

தமிழ்நாட்டில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பாய் விரித்த வீடுகளில் இந்தக் கதையைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. ஆனால் இதற்குத் தலைப்பு என்று ஒன்று அன்றைக்கு இருந்ததில்லை. "ஆச்சி, அந்த அத்திரிபாச்சா சொல்லு" என்று ஒரு வீட்டுப் பிள்ளை கேட்டது. இன்னொரு வீட்டில் அது கொழுக்கட்டைக் கதை. கேட்ட பிள்ளை எந்த இடத்தில் சிரித்ததோ, அந்த இடமே கதைக்குப் பெயர். தேடுகிறவரும் வைத்திருக்கிறவரும் ஒரே பாயில் படுத்திருந்ததால் அந்தப் பெயர் போதுமானதாக இருந்தது.

இன்று அந்தப் பிள்ளைக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. வேலைக்குப் போய்த் திரும்பிய அம்மா இரவு ஒன்பது மணிக்குக் கைப்பேசியில் கதை தேடுகிறாள். தேடும் கட்டம் பெயர் கேட்கிறது. `kolukattai story in tamil` என்று தட்டுகிறாள். பதிவேற்றியவரோ `Kozhukattai Kathai` என்று போட்டிருக்கிறார். இன்னொருவர் `Athiripacha`, வேறொருவர் `Athiribacha kadhai`. தமிழிலேயே தட்டினாலும் அத்திரிபாச்சா, அத்திரிப்பாச்சா, அத்திரிபாட்சா என்று மூன்று விதமாக எழுதுகிறார்கள். கதை என்ற ஒரு சொல்லையே `kathai`, `kadhai`, `kadai` என்று எழுதும் பழக்கம் நமக்கு. `kadai` என்று தட்டினால் மளிகைக் கடையும் வரலாம். இதைவிடப் பெரிய சங்கடம், கதைக்கு "மறதிக்கார மாப்பிள்ளை" என்று அழகாகப் பெயர் வைத்துவிடும் பதிவுகள். கதை தெரிந்தவர்களுக்கு நினைவிருக்கும் இரண்டு சொற்கள் கொழுக்கட்டையும் அத்திரிபாச்சாவும்தான். இரண்டும் தலைப்பிலும் இல்லை, விவரத்திலும் இல்லை என்றால், தாண்டிய வாய்க்காலுக்கு அந்தப் பக்கமே அந்தக் கதை நின்றுவிடும்.

நாட்டார் கதை ஆய்வாளர்கள் இந்தச் சிக்கலை நூறாண்டுக்கு முன்பே சந்தித்தார்கள். ஒரே கதை ஊருக்கு ஒரு பெயரில் நடமாடுகிறது என்று கண்டு, பின்லாந்தின் ஆந்தி ஆர்னே 1910-ல் கதைகளுக்கு எண் கொடுக்கத் தொடங்கினார். அமெரிக்கரான ஸ்டித் தாம்சன் அதை விரிவாக்கினார். ஜெர்மானியரான ஹான்ஸ்-யோர்க் ஊதர் 2004-ல் திருத்திப் பதிப்பித்தார். அந்த அடைவில் நம் மாப்பிள்ளைக்கும் ஓர் இடம் உண்டு: `ATU 1687`, மறந்துபோன சொல். மறக்கக் கூடாதென்று ஒரு சொல்லைச் சொல்லிக்கொண்டே போகிறவன், வழியில் தடுக்கியோ தாண்டியோ அதைத் தொலைக்கும் கதைகள் பல நாடுகளில் உண்டு. பாட்டி வடை சுட்ட கதை `ATU 57`. அடைவில் காகத்தின் வாயில் இருப்பது பாலாடைக்கட்டி. குழந்தைக்கு இந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. ஆனால் ஒரு கதையின் பத்து வடிவங்களைத் தேடிப் படித்துவிட்டுச் சொல்ல நினைப்பவருக்கு இதைவிட நல்ல திறவுகோல் கிடையாது.

வயதுக்கு வருவோம். "3 முதல் 5 வயது", "6 முதல் 8 வயது" என்ற குறிப்பு அன்று தேவைப்படவில்லை. கூட்டுக் குடும்பத்தில் அந்த வேலையைக் கதைகளின் வரிசையே செய்தது. முற்றத்தில் மூன்று வயதும் பன்னிரண்டு வயதும் ஒன்றாகத்தான் படுத்திருக்கும். முதலில் காக்கா, நரி, குரங்கு என்று சின்னக் கதைகள். குட்டிகள் தூங்கியபிறகு ராஜா கதை. கடைசியாக, விழித்திருக்கும் பெரிய பிள்ளைகளுக்குப் பேய்க் கதை. நல்லதங்காள் தன் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போடும் இடம் வருவதற்குள் சின்னவர்கள் உறங்கியிருப்பார்கள், பெரும்பாலும். எப்போது நிறுத்துவது என்பதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். கேட்கிற பிள்ளை "உம்" கொட்ட வேண்டும். உம் சத்தமாக வந்தால் கதை நீளும். மெலிந்தால் குரல் தாழும். நின்றுவிட்டால் ராஜா காட்டுக்குள் பாதி வழியில் இருந்தாலும் கதை நின்றுவிடும். மிச்சம் நாளைக்கு.

ஒலிப்பதிவுக்கு உம் கேட்காது. பிள்ளை தூங்கினாலும் பேசிக்கொண்டே இருக்கும். பயந்து போர்வையை இழுத்துக்கொண்டாலும் அதே குரலில் ஓநாயை அழைத்துவரும். அது முடிந்தால் அடுத்தது தானாக ஓடத் தொடங்கும். அதனால்தான் இன்று வயதுக் குறிப்பு வேண்டியிருக்கிறது. பாட்டி கண்ணால் பார்த்துச் செய்ததை முன்கூட்டியே எழுதி ஒட்டும் சீட்டு அது.

அந்தச் சீட்டை எழுதுகிறவர்கள் அடிக்கடி ஓரிடத்தில் சறுக்குகிறார்கள். வாசிக்கும் வயதைக் கேட்கும் வயதாக எடுத்துக்கொள்கிறார்கள். பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிறைய இருக்கின்றன, இலவசமாக. அங்கே நான்கு நிலைகள் உண்டு. முதல் நிலைக் கதை 250 சொல்லுக்குள் முடியும்; மூன்றாம் நிலை 1500 வரை போகும். இவை குழந்தை தானே எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கான அளவுகள். எழுத்தே தெரியாத நான்கு வயதுப் பிள்ளை காதால் கேட்டு இரண்டாம் நிலைக் கதையைச் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். முதல் நிலைக் கதையைப் படுக்கையில் வாசித்தால் இரண்டே நிமிடத்தில் தீர்ந்துபோய் "இன்னொன்னு" என்று எழுந்து உட்காரும்.

கேட்கும் வயதை எப்படித்தான் முடிவு செய்வது? சிரிப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். கொழுக்கட்டைக் கதையை மூன்று வயதுப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். அது தாண்டும் இடத்துக்குச் சிரிக்கும், "கொழுக்கட்டை, கொழுக்கட்டை" என்று கூடவே சொல்லும். ஆனால் மனைவியிடம் அத்திரிபாச்சா கேட்கும் இடத்தில் சிரிப்பு வராது. தனக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்ற புரிதல் பெரும்பாலும் நான்கு, ஐந்து வயதில்தான் குழந்தைக்கு உறுதிப்படுகிறது. அந்தப் புரிதல் வந்த பிள்ளை, மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்கு முன்பே "ஐயோ, தப்பா சொல்லப்போறான்!" என்று கத்தும். ஆகவே இந்தக் கதைக்கு 5 முதல் 8 வயது என்று போடலாம். மூன்று வயதுக்குச் சொல்வதென்றால் வாய்க்கால் ஒன்றுக்கு மூன்றாகட்டும், கதை அங்கேயே முடியட்டும்.

இனி அந்த அடி. அன்று அதைச் சொன்னவர்களும் கேட்டவர்களும் சிரித்தார்கள். இன்று ஐந்து வயதுப் பிள்ளையின் தூக்கத்துக்கு முன்னால் கணவன் மனைவியை அடித்து வீங்கவைப்பதை வேடிக்கையாகச் சொல்ல எனக்கு மனம் வராது. வரக் கூடாது என்றே நினைக்கிறேன். ஆனால் சில பதிவுகளில் செய்வதுபோல அந்த இடத்தை வெட்டிவிட்டு "கொஞ்ச நேரம் யோசித்தான், ஞாபகம் வந்துவிட்டது" என்றால் கதை செத்துவிடும். வீக்கம்தான் இந்தக் கதையின் கீல். ஏதாவது வீங்க வேண்டும், அதைப் பார்த்து யாராவது கொழுக்கட்டை என்று சொல்ல வேண்டும். நான் சொல்லும்போது மாப்பிள்ளை கோபத்தில் விறுக்கென்று எழுந்து வெளியே போவான், தாழ்வான நிலைப்படியில் தலையை இடித்துக்கொள்வான். மனைவி பதறி வந்து பார்த்து, "நெத்தி கொழுக்கட்டை மாதிரி வீங்கிடுச்சேங்க!" என்பாள். யாரையும் அடிக்காமலே சொல் திரும்பக் கிடைத்துவிடும். அவன் கோபத்துக்கு அவனுக்கே வலித்தது என்பதையும் பிள்ளைகள் கேட்காமலே எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்தக் கதைக்கு நீதி என்ன? பதிவேற்றும்போது அந்த இடமும் காலியாக இருக்கக் கூடாது என்று பலர் "மறதி கூடாது" என்று போடுகிறார்கள். மறந்த ஒருவனைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்த குழந்தையிடம் கடைசியில் "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று கேட்டால், படுக்கை வகுப்பறையாகிவிடுகிறது. கருப்பொருளால் கதைகளைப் பிரிப்பது புதிய வழக்கம் அல்ல. பஞ்சதந்திரத்தின் ஐந்து பகுதிகளில் முதலாவது நட்பைப் பிரிப்பது பற்றியது, இரண்டாவது நட்பைப் பெறுவது பற்றியது. தாண்டவராய முதலியார் 1826-ல் அதைத் தமிழ் உரைநடையில் தந்தபிறகு அந்தக் கதைகள் பாடம் படிப்பவர்களின் கைக்கும் போய்ச் சேர்ந்தன. வாய்மொழிக் கதைகளுக்கு அறம் கிடையாது என்று சொல்லவும் முடியாது. தமிழ்நாட்டில் கதைகளைப் பதிவுசெய்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், 2001-ல் வெளிவந்த தன் ஆங்கிலத் தொகுப்புக்கு "மாரல் ஃபிக்‌ஷன்ஸ்" என்றே பெயர் வைத்தார். அந்தக் கதைகளில் கொடுமை செய்த சித்தி முடிவில் தண்டனை பெறுவாள். அறம் அந்த முடிவில் இருந்தது. பாட்டி அதைத் தனியாகப் பிரித்துச் சொல்லவில்லை.

ஆனால் நீதிக் குறிப்பே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பகலில் பொய் சொன்ன பிள்ளைக்கு இரவில் எந்தக் கதை என்று தேடும் தகப்பனுக்கு அது கை கொடுக்கிறது. புலி வருது கதை அவர் கண்ணில் படுவது "பொய்" என்ற குறிச்சொல்லால்தான். அது பெற்றோர் படிக்கும் விவரத்தில் இருக்கட்டும், கதை சொல்லும் குரலில் வேண்டாம். கொழுக்கட்டைக் கதைக்கு நான் எழுதுவது "கோபம், சிரிப்பு" என்று இரண்டே சொற்கள்.

கதை பதிவுசெய்து பொதுவில் வைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் வைக்கும் அழகான தலைப்போடு, ஊரில் பிள்ளைகள் அந்தக் கதையை எப்படிக் கேட்டார்களோ அந்தப் பெயரையும் விவரத்தில் எழுதுங்கள். தமிழ் எழுத்திலும், மக்கள் தட்டும் இரண்டு மூன்று ஆங்கில எழுத்துக்கூட்டல்களிலும் எழுதுங்கள். கேட்கும் வயது, ஓடும் நேரம், பயம் தரும் இடம் எத்தனையாவது நிமிடம், நீங்கள் எதை மாற்றினீர்கள், யாரிடம் எந்த மாவட்டத்தில் கேட்டீர்கள் என்பதையும் சேருங்கள். கேட்க வைக்கும் பெற்றோர்களே, தானாக அடுத்ததுக்கு ஓடும் வசதியை நிறுத்திவிட்டு, பிள்ளையின் பக்கத்தில் படுத்து நீங்களே உம் கொட்டுங்கள்.