பதில் எந்த வரியில் தொடங்குகிறது?

சானெட் என்றால் பதினான்கு வரி. அதை இத்தாலியக் கவிஞர்கள் எட்டும் ஆறுமாகப் பிரித்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரான சர்ரே பிரபு, நான்கு வரிப் பகுதிகள் மூன்று, கடைசியில் ஈரடி ஒன்று என்று பிரித்தார். முன்னது பெட்ரார்க் பெயராலும் பின்னது ஷேக்ஸ்பியர் பெயராலும் அறியப்படுகிறது. இரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு, கவிஞர் தனக்குத் தானே பதில் சொல்ல எத்தனை வரி வைத்துக்கொள்கிறார் என்பதுதான்.

பார்வையிழந்த மில்டன், தன் குருட்டுத்தன்மை பற்றி எழுதிய சானெட்டைப் பாருங்கள். அது இத்தாலிய வடிவம். வாழ்நாளில் பாதி கழிவதற்குள் ஒளி போய்விட்டது, கடவுள் தந்த திறமை பயனற்றுக் கிடக்கிறது, ஒளியைப் பறித்துவிட்டு அவர் வேலையும் கேட்பாரா என்று முதல் எட்டு வரியில் மனம் குமுறுகிறது. இந்த எட்டு வரிக்கும் இரண்டே இயைபு ஓசைகள். நான்காம் வரியின் ஓசையே ஐந்தாம் வரியிலும் வருவதால், நடுவில் நின்று மூச்சு வாங்க இடமில்லை. முறையீடு ஒன்றே, அது வளர்ந்துகொண்டே போகிறது.

அப்புறம் 'பொறுமை' ஓர் ஆளாக வந்து பேசுகிறது. கடவுளுக்கு மனிதனின் உழைப்பு தேவையில்லை. அவர் ஏவலுக்கு ஆயிரக்கணக்கானோர் ஓடுகிறார்கள். நின்று காத்திருப்பதும் தொண்டுதான். இந்தப் பதிலும் படிப்படியாக நகர்கிறது. அதற்கு ஆறு வரி வேண்டும். ஆறும் போதாமல், பொறுமை எட்டாம் வரியின் பாதியிலேயே குறுக்கிட்டுவிடுகிறது. அந்த அவசரத்தில்தான் குமுறலை அடக்கத் துடிக்கும் மனம் எனக்குத் தெரிகிறது.

ஷேக்ஸ்பியரின் 73ஆம் சானெட் வேறு வழியில் போகிறது. முதல் நான்கு வரியில் இலையுதிர்ந்த மரம், அடுத்த நான்கில் அந்தி, மூன்றாவதில் சாம்பல் மேல் அணையும் நெருப்பு. ஒவ்வொரு பகுதிக்கும் தனி இயைபு என்பதால் ஒவ்வொன்றும் தனித்து நிற்க முடிகிறது. மூன்றும் சொல்வது முதுமை என்ற ஒன்றைத்தான். ஆனால் வெறும் அடுக்கல்ல: ஒரு பருவம், ஒரு பொழுது, சில கணங்கள் என்று காலம் சுருங்கிக்கொண்டே வருகிறது. கடைசி ஈரடி காதலரை நோக்கித் திரும்புகிறது: இதைக் காண்பதால்தான் விரைவில் இழக்கப்போவதை நீ இன்னும் ஆழமாக நேசிக்கிறாய். இரண்டு வரியில் வாதாட முடியாது, தீர்ப்புதான் சொல்லலாம். முந்தைய பன்னிரண்டு வரியும் அதற்கு வழி செய்யாவிட்டால், ஈரடி ஒட்டவைத்ததுபோல் துருத்தும்.

இயைபை மட்டும் வைத்து வாதத்தின் அமைப்பை முடிவு செய்துவிடாதீர்கள். 'ஆனாலும்' என்ற மறுப்பு எங்கே விழுகிறது என்று தேடுங்கள். ஷேக்ஸ்பியரின் 29ஆம் சானெட்டில் அது ஒன்பதாம் வரியிலேயே வந்துவிடுகிறது. இயைபு ஆங்கில முறை, வாதத்தின் திருப்பம் இத்தாலிய முறை.