வேண்டாத நாளுக்கு எவ்வளவு கழிப்பது?

"அக்கா, இன்னிக்கு லன்ச் வேண்டாம், வெளியே போறேன்." வாட்ஸ்அப்பில் இந்தச் செய்தி வரும்போது மணி ஒன்பதரை. சாம்பார் இறக்கியாகிவிட்டது, பொரியல் அடுப்பில் இருக்கிறது, அவர் பங்குக்கான அரிசி சோறாகிவிட்டது. வாரக் கடைசியில் அவரே, "அன்னிக்கு நான் சாப்பிடலையே" என்று ஒரு நாள் காசைக் கழித்துக்கொண்டு அனுப்புவார். வீட்டிலிருந்து சாப்பாடு அனுப்புகிறவர்களுக்குக் கையைக் கடிக்கும் இடம் பெரும்பாலும் இதுதான்.

ஓர் உதாரணக் கணக்கு. வேளச்சேரியில் ஒருவர் திங்கள் முதல் சனி வரை 20 பேருக்கு மதியச் சாப்பாடு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அரிசி, பருப்பு, காய்கறி, எண்ணெய் எல்லாம் சேர்த்து ஒரு சாப்பாட்டுக்கு 40 ரூபாய். இதைத் தவிர, காய் நறுக்க வரும் பெண்ணுக்கும் கேரியர் கொண்டுபோகிற பையனுக்கும் சிலிண்டருக்குமாக ஒரு நாளைக்கு 800 ரூபாய். நாலு பேர் குறைந்தாலும் இந்த 800 குறையாது. பையன் அதே தெருக்களுக்குத்தான் போகவேண்டும். ஆக, 20 சாப்பாட்டுக்கு 1,600 ரூபாய் செலவு.

வாரத்துக்கு 570 ரூபாய், அதாவது நாளுக்கு 95 வீதம் வாங்கினால், வரவு 1,900. மிச்சம் 300. இதை லாபம் என்று சொல்வதே தவறு. விடிகாலையிலிருந்து அடுப்படியில் நிற்பவருடைய கூலி அது.

ஒரு வெள்ளிக்கிழமை நாலு பேர் வேண்டாம் என்கிறார்கள். முதல் நாள் இரவே சொல்லிவிட்டார்கள், ஆளுக்கு 95 ரூபாயும் கழித்தாகிவிட்டது. மிச்சமான மளிகை ஆளுக்கு 40 தான். 300 ரூபாய் 80 ஆகிவிடுகிறது. அதே நாலு பேர் காலை ஒன்பதரைக்குச் சொல்லியிருந்தால் மளிகையும் மிஞ்சாது. கையிலிருந்து 80 ரூபாய் போகும். "காசு கழிக்க மாட்டேன், அடுத்த வாரம் ஒரு நாள் சேர்த்துத் தருகிறேன்" என்று பலர் சமாளிக்கிறார்கள். பணம் உடனே கையை விட்டுப் போகாது என்பதைத் தவிர அதில் வித்தியாசம் இல்லை. அந்தக் கூடுதல் நாளுக்கு வரவேண்டிய 95 வராது.

என் யோசனை இது: முந்தைய இரவு எட்டு மணிக்குள் சொன்னால் 40 ரூபாய் கழிக்கலாம், அதற்குப் பிறகு சொன்னால் ஒன்றும் கழிக்க வேண்டாம். எட்டு மணி என்பதற்குக் காரணம் உண்டு. மறுநாள் காய் வாங்குவதும், நறுக்கி வைப்பதும், எத்தனை ஆழாக்கு அரிசி என்று முடிவு செய்வதும் அந்த நேரத்தை ஒட்டித்தான். உங்கள் வீட்டில் காய் வாங்குவது மாலை ஆறு மணிக்கு என்றால் கெடுவும் ஆறு மணிதான். இப்படிச் செய்தால் அந்த வெள்ளிக்கிழமை நாலு பேர் வராவிட்டாலும் 300 ரூபாய் அப்படியே நிற்கும். தாமதமாகச் சொல்கிறவர், "என் சாப்பாட்டைப் பக்கத்து சீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடுங்கள்" என்று சொல்ல வழி வைத்திருங்கள். சாப்பாடும் வீணாகாது, மனத்தாங்கலும் வராது.

வாடிக்கையாளர் தரப்பில் ஒரு கேள்வி நியாயமாக எழும்: "பால் பாக்கெட் வேண்டாம் என்றால் முழுக் காசும் கழிகிறதே?" நீங்கள் வாங்காத பாக்கெட்டை அடுத்த வீட்டில் விற்கலாம். உங்களுக்காக வைத்த ரசத்தைப் பதினொரு மணிக்கு மேல் யாரிடம் விற்பது?

அப்படியானால் தினக் கணக்கு யாருக்கு? நினைத்த நாளில் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு. அவர்களை நம்பி நாலு சாப்பாடு கூடுதலாக வைக்கவேண்டியிருக்கிறது, சில நாள் அது மிஞ்சும். அதனால் தின விலை 110 என்று கொஞ்சம் உயர்த்தியே வைக்கவேண்டும். இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். வாரத்தில் ஐந்து நாள் சாப்பிடுகிறவருக்கு வாரக் கணக்கில் 530, தினக் கணக்கில் 550. நாலே நாள் என்றால் வாரக் கணக்கில் 490, தினக் கணக்கில் 440. அடிக்கடி விடுகிறவர் தானாகவே தினக் கணக்குக்கு மாறிக்கொள்வார். நீங்கள் யாரிடமும் சண்டை போட வேண்டாம். இரண்டு விலையும் 95 என்றே இருந்தால் வாரப் பணம் முன்கூட்டிக் கட்ட யாருக்கும் காரணம் இருக்காது. வாரக்காரருக்கு முழுக் காசும் கழித்தாலோ, இரண்டு நாள் விட்டவர் 380 ரூபாயில் முடித்துக்கொள்வார். அதே நாலு நாள் சாப்பிட்ட தினக்காரர் 440 கொடுத்திருப்பார்.

பொங்கல், தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவரிடம் அந்த வாரத்துக்குப் பணமே வாங்காதீர்கள். மாதச் சந்தாவைவிட வாரச் சந்தா நல்லது என்று நான் சொல்வதற்கு இந்த வசதியே பெரிய காரணம். உங்களுக்குக் காய்ச்சல் வந்து அடுப்பு எரியாத நாள் வேறு விஷயம்: அன்றைக்கு 40 கழித்தால் போதாது, 95 ரூபாயையும் திருப்பிக் கொடுத்தாகவேண்டும்.

அந்த 40 ரூபாயும் கல்வெட்டு அல்ல. ஒரு வார மளிகை, காய்கறிச் செலவை அந்த வாரம் அனுப்பிய சாப்பாட்டு எண்ணிக்கையால் வகுத்தால் உங்கள் தொகை கிடைக்கும். தக்காளி, வெங்காயம் ஏறும் மாதங்களில் அதை மறுபடி போட்டுப் பார்த்து, புதிய தொகையைத் திங்கட்கிழமைக்கு முன்பே எல்லோருக்கும் எழுதி அனுப்பிவிடுங்கள்.