குறைந்தது முக்கால்வாசி

ஒரு சிறிய அச்சகத்தைக் கற்பனை செய்துகொள்வோம். மொத்தம் பத்துப் பேர். ஒன்பது தொழிலாளர்களுக்கு மாதம் ஆளுக்கு 20 ஆயிரம் ரூபாய், மேலாளருக்கு 1 லட்சத்து 20 ஆயிரம். கூட்டிப் பத்தால் வகுத்தால் சராசரிச் சம்பளம் 30 ஆயிரம். அந்தச் சம்பளத்தை அங்கே ஒருவர்கூட வாங்கவில்லை.

சராசரியிலிருந்து எண்கள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதற்குத் திட்டவிலக்கம் என்ற அளவு இருக்கிறது. பத்தாம் வகுப்புக் கணக்குதான். ஒவ்வொருவரும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறார் என்று பார்க்க வேண்டும். தொழிலாளிக்கு 10, மேலாளருக்கு 90 (எல்லாம் ஆயிரங்களில்). அவற்றை வர்க்கப்படுத்தினால் தொழிலாளிக்கு 100, மேலாளருக்கு 8,100. மொத்தம் 9,000. பத்தால் வகுத்தால் 900, அதன் வர்க்கமூலம் 30. ஆக, சராசரியும் 30, திட்டவிலக்கமும் 30.

சராசரிக்கு இருபுறமும் ஒரு திட்டவிலக்கத்துக்குள் 68 சதவீதம், இரண்டுக்குள் 95 சதவீதம், மூன்றுக்குள் 99.7 சதவீதம் என்று பலர் மனப்பாடமாகச் சொல்வார்கள். அது மணிவடிவ வளைகோட்டுக்கு மட்டுமே உரிய கணக்கு. நடுவில் உயர்ந்து இருபக்கமும் சீராகச் சரியும் தரவுக்குப் பொருந்தும். நம் அச்சகத்துக்குப் பொருந்தாது. இங்கே ஒரு திட்டவிலக்கத்துக்குள், அதாவது 0-வுக்கும் 60-க்கும் இடையே, 90 சதவீதம் பேர் இருக்கிறார்கள். மூன்று திட்டவிலக்கத் தொலைவிலோ அதற்கு அப்பாலோ மணிவடிவக் கணக்குப்படி ஆயிரத்துக்கு மூன்று பேர்தான் இருக்கலாம். இங்கே பத்துக்கு ஒருவர் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

இந்தப் பொருத்தமின்மையைச் சம்பளப் பட்டியலைப் பார்க்காமலேயே பிடித்துவிடலாம். சம்பளம் சுழியத்துக்குக் கீழே போகாது. சராசரி 30, திட்டவிலக்கமும் 30 என்றால், மணிவடிவக் கணக்கு ஏறக்குறைய 16 சதவீதம் பேருக்கு எதிர்மறைச் சம்பளம் கொடுத்துவிடும்! எதிர்மறையாக முடியாத ஓர் அளவின் திட்டவிலக்கம் சராசரியை நெருங்கினால் 68-95 கணக்கைத் தொடக்கூடாது.

அப்படியானால் தரவின் வடிவம் தெரியாதபோது எதைச் சொல்ல முடியும்? ரஷ்யக் கணித அறிஞர் பஃப்னூதி செபிஷேவின் பெயரால் வழங்கும் விதி இதற்கு விடை தருகிறது. k என்பது ஒன்றைவிடப் பெரிய எண் என்றால், சராசரியிலிருந்து k திட்டவிலக்கங்களுக்குள் குறைந்தது 1 − 1/k² பங்கு மதிப்புகள் இருந்தே தீரும். k இரண்டு என்றால் முக்கால் பங்கு. மூன்று என்றால் ஒன்பதில் எட்டு, ஏறக்குறைய 89 சதவீதம். தரவு எந்த வடிவில் கோணிக்கொண்டிருந்தாலும் இது மாறாது.

வடிவமே தெரியாமல் இவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்ல முடிகிறது? காரணம் எளிமையானது. வர்க்கங்களின் மொத்தமான அந்த 9,000-ஐ ஒரு கையிருப்பாக நினைத்துக்கொள்ளுங்கள். சராசரியிலிருந்து விலகி நிற்பவர் ஒவ்வொருவரும் அதிலிருந்து செலவழித்துத்தான் நிற்க முடியும். இரண்டு திட்டவிலக்கம், அதாவது 60 ஆயிரமோ அதற்கு மேலோ, தள்ளி நிற்க வேண்டுமானால் 60-இன் வர்க்கமான 3,600 செலவாகும். இரண்டு பேர் அப்படி நின்றால் 7,200 போய்விடும். மூன்றாமவருக்குக் கையிருப்பு போதாது. 9,000-ஐ 3,600-ஆல் வகுத்தால் இரண்டரை; பத்தில் இரண்டரை என்பது கால் பங்கு. வெளியே நிற்பவர்கள் கால் பங்கைத் தாண்ட முடியாது என்றால் உள்ளே முக்கால் பங்காவது இருக்க வேண்டும். நிரூபணம் இவ்வளவுதான்.

மூன்று திட்டவிலக்கத்துக்கு இதே கணக்கைப் போட்டால், ஒருவர் நிற்க 8,100 வேண்டும். நம் மேலாளர் சரியாக அதைச் செலவழித்துவிட்டார். விதி அனுமதிக்கும் உச்சம் 11 சதவீதம். இங்கே இருப்பது 10.

முக்கால் என்பது மிகவும் தாராளமான மதிப்பீடு, இன்னும் இறுக்கிச் சொல்லக் கூடாதா என்று கேட்கலாம். முடியாது. எட்டுப் பேரில் ஆறு பேருக்கு 30, ஒருவருக்கு 10, இன்னொருவருக்கு 50 என்று வைத்துப் பாருங்கள். சராசரி 30, திட்டவிலக்கம் 10. கடைசி இருவரும் சரியாக இரண்டு திட்டவிலக்கத் தொலைவில் நிற்கிறார்கள். எட்டில் இரண்டு, அதே கால் பங்கு. இப்படியொரு தரவு இருக்க முடிகிறவரை, எல்லாத் தரவுக்கும் பொதுவாக முக்காலுக்கு மேல் வாக்குக் கொடுக்க வழியில்லை. நடைமுறைத் தரவில் உள்ளே இருக்கும் பங்கு பெரும்பாலும் இதைவிட நன்றாகவே கூடுதலாக இருக்கும்.

விதியின் பெயரில் ஒரு சின்ன அநியாயம் உண்டு. இதை முதலில் நிரூபித்தவர் பிரான்சின் ஐரேனே-ஜூல் பியெனமே, 1853-இல். செபிஷேவின் கட்டுரை 1867-இல் வந்தது. அதை வெளியிட்ட பிரெஞ்சுக் கணித இதழின் ஆசிரியர் லியூவில், பியெனமேயின் பழைய கட்டுரையையும் அதே ஆண்டு மறுபதிப்பு செய்தார். பின்னாளில் செபிஷேவும் பியெனமேயின் முன்னுரிமையை ஏற்றுக்கொண்டார். சில நூல்கள் இருவர் பெயரையும் சேர்த்தே எழுதுகின்றன. பாடப்புத்தகங்களில் பெரும்பாலும் செபிஷேவ் மட்டுமே மிஞ்சினார்.

விதியைப் பயன்படுத்துபவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று. ஒரு மருத்துவமனையில் காத்திருக்கும் நேரத்தின் சராசரி 40 நிமிடம், திட்டவிலக்கம் 20 என்று வைத்துக்கொள்வோம். 80 நிமிடத்துக்கு மேல் காத்திருப்பவர்கள் எவ்வளவு? இரண்டு திட்டவிலக்கத்துக்கு வெளியே அதிகபட்சம் 25 சதவீதம், அதைப் பாதியாக்கினால் 12.5 என்று சொல்லத் தோன்றும். பாதியாக்க விதி இடம் தரவில்லை. வெளியே இருப்பவர்கள் எல்லோரும் ஒரே பக்கத்தில் இருக்கலாம். காத்திருக்கும் நேரத்தில் பெரும்பாலும் அப்படித்தான். ஒரு பக்கத்துக்கு மட்டும் எல்லை வேண்டுமானால் இத்தாலியர் கான்டெல்லியின் விதி இருக்கிறது: 1/(1 + k²). இங்கே அது ஐந்தில் ஒன்று. 80 நிமிடமோ அதற்கு மேலோ காத்திருப்பவர்கள் 20 சதவீதத்தைத் தாண்ட மாட்டார்கள்.

இன்னொரு எச்சரிக்கை: இந்த உறுதிமொழி, எந்தத் தரவிலிருந்து சராசரியும் திட்டவிலக்கமும் கணக்கிடப்பட்டனவோ அந்தத் தரவுக்கே முழுமையாகப் பொருந்தும். ஐம்பது நோயாளிகளைப் பார்த்து எடுத்த எண்களை வைத்து, ஊரிலுள்ள எல்லா நோயாளிகளுக்கும் அதே முக்காலை அப்படியே சொல்ல முடியாது.

மூன்று திட்டவிலக்கத்துக்கு அப்பால் இருப்பதெல்லாம் தட்டச்சுப் பிழை என்று நீக்கிவிடும் பழக்கம் அலுவலகங்களில் உண்டு. அச்சகத்துக் கணக்கில் மேலாளரின் சம்பளத்தை ஒரு கோடி என்று யாரோ தவறாகப் பதிந்துவிட்டார்கள் என்று வையுங்கள். இந்தச் சல்லடையில் அது சிக்காது. ஒரு எண் பெரிதாகப் பெரிதாக, சராசரியும் திட்டவிலக்கமும் அதைத் துரத்திக்கொண்டே மேலே ஏறும். மற்ற ஒன்பது பேருக்கும் ஒரே சம்பளம் இருக்கிறவரை, பத்தாமவர் லட்சம் வாங்கினாலும் கோடி வாங்கினாலும் சரியாக மூன்று திட்டவிலக்கத்தில்தான் நிற்பார். பத்து எண்கள் உள்ள எந்தப் பட்டியலிலும் ஓர் எண் மூன்றைத் தாண்டவே முடியாது. எக்ஸெலில் STDEV.S என்று போட்டால், அது பத்துக்குப் பதில் ஒன்பதால் வகுப்பதால், உச்சம் 2.85-லேயே நின்றுவிடும். அந்தச் சல்லடையில் ஏதாவது சிக்க வேண்டுமானால் பட்டியலில் குறைந்தது பதினொரு எண்களாவது இருக்க வேண்டும்.