ரூபாயிலேயே போட்டுவிடலாமா?

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் ஊரிலிருந்து போன ஒருவர் துணியோ வாட்சோ வாங்கிவிட்டு கார்டை நீட்டுகிறார். கல்லாவில் இருக்கும் பையன் மெஷினைப் பார்த்துவிட்டு நல்ல தமிழிலேயே கேட்கிறான்: "அண்ணே, இந்தியப் பணத்துலயே போட்டுரவா? எவ்வளவுன்னு இப்பவே தெரிஞ்சுரும்." திரையில் இரண்டு வரிகள். மேலே `SGD 400.00`, கீழே `INR 27,820.00`. சிங்கப்பூர் டாலரை மனசுக்குள் ரூபாயாக்கி ரூபாயாக்கிக் களைத்துப் போன ஆளுக்கு அந்த இரண்டாவது வரி பெரிய ஆறுதலாக இருக்கும். "சரி, போடுப்பா" என்று சொல்லிவிடுவார். அந்த ஒரு வார்த்தைக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் விலை.

மெஷினுக்கு இவர் இந்தியர் என்று எப்படித் தெரிந்தது? முகத்தைப் பார்த்தல்ல, கார்டைப் பார்த்து. எந்தக் கார்டிலும் முதல் ஆறு அல்லது எட்டு இலக்கங்கள் அதை வழங்கிய வங்கியைக் குறிப்பவை. வங்கி தெரிந்தால் நாடு தெரியும், நாடு தெரிந்தால் கரன்சி தெரியும். கார்டைத் தொட்ட மறுகணமே, கடைக்கு மெஷின் கொடுத்த வங்கியோ அதன் பின்னால் இருக்கும் கரன்சி மாற்று நிறுவனமோ தன் விகிதத்தில் கணக்குப் போட்டு ரூபாய்த் தொகையைத் திரைக்கு அனுப்பிவிடுகிறது. இந்த ஏற்பாட்டுக்கு டைனமிக் கரன்சி கன்வர்ஷன் என்று பெயர். வங்கிக்காரர்கள் டிசிசி என்பார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பில்லை எந்தக் கரன்சியில் போட்டாலும் ஓர் இடத்தில் டாலர் ரூபாயாக மாறத்தான் வேண்டும். யார் மாற்றுகிறார்கள் என்பதுதான் கேள்வி. சிங்கப்பூர் டாலரிலேயே போட்டால் விசா, மாஸ்டர்கார்டு போன்ற நெட்வொர்க் மாற்றும். அவர்களுடைய விகிதம் மொத்தச் சந்தை விகிதத்தை ஒட்டியே இருக்கும், அவர்கள் இணையதளத்தில் யாரும் பார்த்துக்கொள்ளலாம். அதன் மேல் நம் ஊர் வங்கி தன் பங்காக ஒரு சதவீதம் ஏற்றும். ஃபாரெக்ஸ் மார்க்கப் என்பது அதுதான். இந்தியக் கிரெடிட் கார்டுகளில் பெரும்பாலும் 2 முதல் 3.5 சதவீதம். அந்த மார்க்கப் தொகைக்கு மட்டும் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக 3.5 என்று போட்டிருக்கும் கார்டில் உண்மையில் போவது 4.13 சதவீதம்.

ரூபாயில் போட்டால் கடையின் மெஷினுக்குப் பின்னால் இருப்பவர் மாற்றுகிறார். அவர் வைத்த விகிதம்தான் விகிதம். சந்தை விகிதத்தைவிட 3 சதவீதம் கூட்டி வைப்பவர் உண்டு, 7, 8 வைப்பவரும் உண்டு, சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் இடங்களில் அதற்கும் மேலே போவதுண்டு. அந்தக் கூடுதலைக் கடையின் வங்கியும் மாற்று நிறுவனமும் பங்கு போட்டுக்கொள்ளும். பல நேரம் கடைக்காரருக்கும் ஒரு துண்டு உண்டு. கல்லாப் பையன் அவ்வளவு அக்கறையாகக் கேட்டதற்குப் பின்னால் இருப்பது இதுதான். பாவம், அவனுக்கே இது தெரியாமல் இருக்கலாம். கேட்கச் சொல்லியிருப்பார்கள், கேட்கிறான்.

அந்த 400 டாலரையே எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக, அன்றைய நெட்வொர்க் விகிதம் ஒரு சிங்கப்பூர் டாலருக்கு 65 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். சரக்கின் விலை 26,000 ரூபாய். டாலரில் போட்டிருந்தால் வங்கி மார்க்கப் 910 ரூபாய், அதற்கு ஜிஎஸ்டி சுமார் 164 ரூபாய், மொத்தம் 27,074. திரையில் வந்த 27,820 ரூபாயை 400 ஆல் வகுத்துப் பாருங்கள்: டாலருக்கு 69 ரூபாய் 55 காசு. 65ஐ விட 7 சதவீதம் அதிகம்.

இந்த இடத்தில் விவரம் தெரிந்தவர்கள்தான் அதிகம் வழுக்குகிறார்கள். "ரூபாயில் போட்டால் நம்ம பேங்க் மார்க்கப் மிச்சம், அந்த 4 சதவீதம் லாபம்தானே?" என்பது அவர்கள் கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடை இருப்பது வெளிநாட்டில் என்பதை நம் வங்கி பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. வெளிநாட்டு வணிகரிடம் ரூபாயில் நடந்த பரிவர்த்தனைக்கென்றே இங்கே பல வங்கிகள் தனிக் கட்டணம் வைத்திருக்கின்றன. ஒரு சதவீதம் என்பது பரவலான அளவு, அதற்கும் ஜிஎஸ்டி உண்டு. முழு மார்க்கப்பையும் வாங்கிவிடும் வங்கிகளும் இருக்கின்றன. நம் ஆளுடைய வங்கி ஒரு சதவீதக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். 27,820க்கு 278 ரூபாய், ஜிஎஸ்டி 50 ரூபாய். முடிவில் அவர் கொடுத்தது 28,148. டாலரில் போட்டிருந்தால் ஆகியிருக்கும் தொகையைவிட 1,074 ரூபாய் கூடுதல். மார்க்கப்பே இல்லாத கார்டு என்று தேடிப் பிடித்து வாங்கி வந்தவராக இருந்தால் இழப்பு இதைப் போல இரண்டு மடங்கு. எந்தச் சலுகைக்காக அந்தக் கார்டை எடுத்தாரோ அதை "சரி" என்ற ஒரு சொல்லில் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

ரூபாயில் போடுவது எப்போதாவது லாபமாக இருக்குமா? இருக்கும். இதே கார்டில், கடை கூட்டி வைத்தது 3 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே இருந்தால் இரண்டும் சமமாகிவிடும். அதற்கும் குறைந்தால் ரூபாய்தான் மலிவு. அப்படி ஒரு மெஷின் கண்ணில் படுவது அபூர்வம். அதற்காகக் கல்லாவில் நின்று செல்போனில் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பது பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்குச் செய்யும் கொடுமை.

தொகை இப்போதே தெரிந்துவிடும் என்ற வாதத்தையும் தள்ளிவிட முடியாது. நெட்வொர்க் தன் விகிதத்தைப் போடுவது பரிவர்த்தனை கணக்கில் ஏறும் நாளில், பொதுவாக ஓரிரு நாள் கழித்து. அதற்குள் ரூபாய் சரியலாம். அப்படிச் சரிந்தாலும் சாதாரண நாட்களில் அது காசுக் கணக்கு, அரை சதவீதத்தைத் தொடுவதே பெரிய விஷயம். அந்த அரை சதவீத பயத்துக்கு 7 சதவீதம் கட்டணம் என்றால் அதை வாங்குவதற்கு நான் ஆளில்லை.

கடையைவிட ஏடிஎம்மில் இது இன்னும் சாமர்த்தியமாக நடக்கும். கடையிலாவது வாய்விட்டுக் கேட்கிறார்கள். ஏடிஎம் திரையில் ரூபாய்த் தொகையும் விகிதமும் பெரிய எழுத்தில் வந்து, கீழே இரண்டு பொத்தான்கள் இருக்கும்: `Accept conversion`, `Decline conversion`. இரண்டாவதை அழுத்தினால் பணமே வராது, கார்டை விழுங்கிவிடும் என்று பயந்து பலர் முதலாவதை அழுத்திவிடுகிறார்கள். நிராகரிப்பது மாற்று விகிதத்தை மட்டும்தான். பணம் வழக்கம்போல வரும், மாற்றுவதை நெட்வொர்க் பார்த்துக்கொள்ளும். சில இயந்திரங்களில் `Continue without conversion` என்று கொஞ்சம் தெளிவாகவே போட்டிருப்பார்கள். அந்நாட்டு வங்கி வெளிநாட்டுக் கார்டுக்கு என்று பிடிக்கும் நிலையான கட்டணம் வேறு. அதை ஒப்புக்கொண்டால்தான் பணம் வரும். இரண்டும் அடுத்தடுத்த திரைகளில் வருவதால்தான் ஆட்கள் குழம்புகிறார்கள். கட்டணத் திரைக்கு ஆம், மாற்று விகிதத் திரைக்கு வேண்டாம்.

இதையெல்லாம் படித்தால் நெட்வொர்க்குகள் நம் பக்கம் நிற்பவை என்று தோன்றலாம். அப்படியும் இல்லை. கரன்சி மாற்றுவது அவர்களுக்கும் வருமானம்தான். 2010இல் மே மாதம் முதல் அக்டோபர் தொடக்கம் வரை, உலகின் பல பகுதிகளில் கடைகளில் டிசிசி மேலும் பரவாதபடி விசா தடுத்து வைத்தது. போட்டியாளரை முடக்குவதாக ஆஸ்திரேலியாவின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2015இல் அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றம் விசாவுக்கு 1.8 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. நுகர்வோருக்கு அதிக விலை வைக்கும் ஒரு சேவை, அதைத் தடுத்ததற்காக அபராதம்! சட்டத்தின் பார்வையில் தேர்வு என்பது இருக்க வேண்டும். அது நல்ல தேர்வா என்பதை வாங்குபவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஐரோப்பிய யூனியன் வேறு வழியில் போனது. தடை செய்யவில்லை, கூட்டி வைத்ததைக் காட்டு என்றது. ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதத்தைவிட எத்தனை சதவீதம் அதிகம் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே சொல்ல வேண்டும் என்ற விதி 2020 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. பாரிசிலோ ரோமிலோ ஏடிஎம் திரையில் சின்ன எழுத்தில் ஒரு சதவீதம் தெரிந்தால் அது இதுதான். வேறெங்கும் இவ்வளவு வசதி எதிர்பார்க்க முடியாது. ரூபாய்த் தொகையை உள்ளூர்த் தொகையால் வகுத்து நாமே கண்டுபிடிக்க வேண்டும்.

நெட்வொர்க் விதிகளின்படி கடைக்காரர் இரண்டையும் காட்டிக் கேட்டாக வேண்டும், அவராகத் தேர்வு செய்யக் கூடாது. நடப்பது எப்போதும் அப்படி இல்லை. மெஷின் அவர் கையில் இருக்கிறது, இரண்டாவது பொத்தானையும் அவரே அழுத்திவிட்டு ஸ்லிப்பைக் கிழித்து நீட்டுகிறார். அதில் "கரன்சியைத் தேர்வு செய்யும் வாய்ப்பு எனக்குத் தரப்பட்டது" என்ற பொருளில் ஆங்கில வாசகம் அச்சாகியிருக்கும். ஹோட்டல்களில் செக்-இன் படிவத்திலேயே இந்தச் சம்மதம் பொடி எழுத்தில் ஒளிந்திருப்பதுண்டு. அறையைக் காலி செய்யும் நேரத்தில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

நடந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள வங்கியிலிருந்து வரும் எஸ்எம்எஸ் போதும். அதில் SGD என்று தொகை இருந்தால் சரியாகப் போயிருக்கிறது. INR என்று முழு ரூபாய்த் தொகை வந்தால் கடையில் மாற்றிவிட்டார்கள். கடையை விட்டு வெளியே வருவதற்குள் அதைப் பார்த்துவிடுவது நல்லது. அன்றைக்கே, அந்தக் கல்லாவிலேயே, பரிவர்த்தனையை ரத்து செய்து உள்ளூர்ப் பணத்தில் மறுபடி போடச் சொல்லலாம். அது அவர்களுக்கு இரண்டு நிமிட வேலை. மறுத்தால் ஸ்லிப்பைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, தேர்வு தரப்படவில்லை என்று நம் வங்கியில் டிஸ்ப்யூட் பதியலாம். விசாவின் விதிகளில் தவறான கரன்சிக்கென்று 12.3 என்ற எண்ணில் தனி வகையே இருக்கிறது. ஸ்லிப்பில் கையெழுத்துப் போட்டிருந்தாலோ பின் நம்பரை நாமே அழுத்தியிருந்தாலோ வாதம் பலவீனமாகிவிடும்.

இன்னொன்று, வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும்போது வருவது. சட்டை அளவு சரியில்லை என்று ரெண்டு நாள் கழித்துப் போனால், ரீஃபண்டு அன்றைய விகிதத்தில் மறுபடி மாற்றப்பட்டு வரலாம். வாங்கும்போது கூட்டிய மாற்று நிறுவனம் திருப்பும்போது குறைத்து வைத்தால் இரண்டு பக்கமும் வெட்டு. நம் வங்கி பிடித்த கட்டணமும் ஜிஎஸ்டியும் பெரும்பாலும் திரும்பி வராது. சட்டை கடைக்குப் போய்விட்டது, விலை முழுதாக வந்துவிட்டது என்று நினைத்தவருக்கு ஸ்டேட்மென்ட்டில் சில நூறு ரூபாய் குறைவது இதனால்தான்.