கச்சான் காற்றும் வெப்பக் குவிமாடமும்

கதிரவெளிக்குக் கச்சான் புதியதன்று. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வரும் அவ்வறள் காற்று உதட்டை வெடிக்கச் செய்யும். கிணற்றடி வாழையின் இலையையும் சுருட்டும். ஒருநாள் வகுப்பில் அதனைப்பற்றிக் கூறிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, காற்று வீசினால் சூடு வருகிறது என்கிறீர்கள். இந்தியாவில் காற்றே அசையாமல் நாட்கணக்காகச் சூடு நின்றது என்கிறார்களே, அது எப்படி?” என்று வினவினான். அன்று நான் கூறிய விடை எனக்கே நிறைவு தரவில்லை. பின்னர் கற்றறிந்ததை ஈண்டு எழுதுகிறேன்.

அவன் கேட்டதனை இக்காலத்தார் ‘வெப்பக் குவிமாடம்’ என்பர். இப்பெயரைக் கேட்டதும், சட்டிக்கு மூடியிட்டாற்போல வெப்பம் அடைபட்டிருக்கிறது என்று நாம் எண்ணுகிறோம். அது பாதி உண்மையே. இங்கே மூடியே வெப்பத்தை உண்டாக்குகிறது.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்புறம் சுடுவதைக் கண்டிருப்பீர்கள். அமுக்குண்ட காற்று சூடேறும். உயரத்திலிருந்து கீழிறங்கும் வறண்ட காற்றும் அவ்வாறே அமுக்குண்டு, ஒவ்வொரு 100 மீற்றருக்கும் ஏறத்தாழ 1 பாகை செல்சியஸ் சூடேறுகிறது. 3 கிலோமீற்றர் உயரத்தில் 12 பாகையாயிருந்த காற்று, நிலத்தை அடையும்போது 40 பாகையைத் தாண்டிவிடும். நம் கச்சானும் இவ்விதிக்கு உட்பட்டதே. மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைச் சொரிந்துவிட்டு, கிழக்கே இறங்கி வரும்போது அது சூடேறுகிறது. ஆனால் கச்சான் ஓடும் காற்று. குவிமாடத்திலோ இறக்கம் மலையால் நிகழ்வதன்று. வானின் உயரத்தில் உயர் அழுத்தம் ஒன்று ஓரிடத்தில் தங்கிவிட, அதன் கீழுள்ள காற்று நாளொன்றுக்குச் சில நூறு மீற்றர் வீதம் மெல்லமெல்ல அமிழ்கிறது. நிலத்திலுள்ள அழுத்தமானி இதனைக் காட்டாமலும் போகலாம். பலூன் விட்டு மேல்வானை அளப்பவர்க்கே இது தெளிவாகத் தெரியும்.

மற்ற நாட்களில் நண்பகற் சூட்டில் எழும் காற்று மேலே சென்று முகிலாகி, சிலபோது மழையாகி, நிலத்தைக் குளிர்விக்கும். இப்போதோ எழும் காற்று தன்னினும் சூடான காற்றை மேலே சந்தித்து, அங்கேயே நின்றுவிடுகிறது. முகில் தோன்றினும் வளராமற் கரைந்துவிடும். வானம் வெளித்திருப்பதால் வெயில் முழுவதும் நிலத்தில் விழுகிறது. ஈரமுள்ள நிலம் அவ்வெப்பத்தின் ஒரு பகுதியை நீரை ஆவியாக்குவதிற் செலவிடும். ஈரம் வற்றியபின் அச்செலவு இல்லை; வெப்பம் காற்றையே சுடுகிறது. இரவில் நிலத்தை ஒட்டிய காற்று மட்டும் சற்றே ஆறும். அதற்கு மேலே நேற்றைய சூடு அப்படியே நிற்கும். மறுநாள் நண்பகலில் அதுவும் இன்றைய சூட்டோடு கலந்துகொள்ளும். சூரியன் நேற்றைய சூரியனே. ஆயினும் இன்று சூடு கூடுவது இதனாலேயே.

2022 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வடமேற்கு இந்தியாவில் இவ்வாறே நேர்ந்தது. அம்மாதத்தில் மேற்கிலிருந்து வந்து மழை தரும் கலக்கங்கள் வலுவிழந்திருந்தன. நாடு முழுவதற்கும் 30 மில்லிமீற்றரளவு பெய்யவேண்டிய மழை 9 மில்லிமீற்றருக்கும் குறைவாகவே பெய்தது. 1901 முதல் பேணப்பட்ட பதிவுகளில் அதனினும் வெப்பமான மார்ச் இல்லை. அப்போது பஞ்சாபிலும் ஹரியானாவிலும் கோதுமைக் கதிர் பால்பிடித்து முற்றும் வேளை. மணி திரளுமுன் பயிர் முதிர்ந்துவிட்டதால் மணிகள் சுருங்கிச் சாவியாயின. 11 கோடி தொன்னுக்கு மேல் விளையுமென முதலில் மதித்த அரசு, பின்னர் அம்மதிப்பைக் குறைத்து, மே 13 ஆம் திகதி கோதுமை ஏற்றுமதியையே தடைசெய்தது. மே மாதத் தொடக்கத்திற் சற்றுத் தணிந்த வெப்பம், மாதத்தின் நடுவில் மீண்டும் ஏறி, உத்தரப்பிரதேசத்துப் பாந்தாவில் 49 பாகையைத் தொட்டது. மேல்வானத்து அழுத்தம் நகர்ந்தாலன்றி, ஒருநாட் காற்றோ சிறு தூறலோ அதனைக் கலைக்காது.

நமக்கு இக்குவிமாடம் முழு வலிமையோடு வாய்ப்பது அரிது. நாற்புறமும் கடல் சூழ்ந்த சிறு தீவு நம்முடையது. பகலிற் கடற்காற்று புகுந்து ஆற்றிவிடும். எனினும் அக்கடலே வேறொரு துன்பத்தையும் தருகிறது. ஈரக்காற்றில் வியர்வை உலராது. உலராத வியர்வை உடலைக் குளிர்விக்காது. ஆகையால் 35 பாகையும் நமக்கு வட இந்தியரின் 40 பாகைபோல உறைக்கக்கூடும். சிறுபோக நெல் பூக்கும் முற்பகல் வேளையில் அவ்வளவு சூடு சில மணிநேரம் நின்றாலும், பூக்கள் கருக்கொள்ளாது பதராகும். பஞ்சாபின் கோதுமைக்கு நேர்ந்தது நம் வயலுக்கு முற்றிலும் அயலானதன்று.

அம்மாணவனை மறுநாள் அழைத்து இவ்வளவையும் கூறினேன். அவன் சற்று நேரம் சிந்தித்துவிட்டு, “அப்படியென்றால் ஐயா, கச்சானை நாங்கள் ஏசக்கூடாது, அது ஓடிப்போகிற காற்று” என்றான். அதனினும் நல்ல முடிவுரை எனக்குத் தோன்றவில்லை.