தேர்தல் முடிவுக்கு முந்தைய மாலையில் போட வேண்டிய கணக்கு

2024 ஜூன் 3, திங்கட்கிழமை. கருத்துக்கணிப்புகள் தந்த உற்சாகத்தில் நிஃப்டி ஒரே நாளில் 3 சதவீதத்துக்கு மேல் ஏறி 23,264-ல் முடிந்தது. மறுநாள் வாக்கு எண்ணிக்கை. ஆப்ஷன் விற்றுப் பணம் பண்ணுபவர்களுக்கு அன்று ஆசை காட்ட நிறைய இருந்தது. சந்தையின் பதற்றத்தை அளக்கும் இந்தியா விக்ஸ் 21-ஐத் தொட்டிருந்தது. பதற்றம் ஏறினால் பிரீமியமும் ஏறும். முடிவு வந்ததும் பதற்றம் அடங்கும், விலையும் கரையும் என்பது அவர்களின் எதிர்பார்ப்பு.

அப்படி ஒருவர் எடுத்த நிலை என்று ஒன்றை வைத்துக்கொள்வோம். ஜூன் 27-ல் முடியும் 22,000 புட்டையும் 24,500 காலையும் பத்துப் பத்து லாட் விற்கிறார். அப்போது லாட்டுக்கு 25 என்பதால் ஒவ்வொன்றிலும் 250. எளிமைக்காக வட்டியை ஒதுக்கிவிட்டு, எல்லா ஸ்ட்ரைக்குக்கும் 21 சதவீத வாலட்டிலிட்டி என்று வைத்து பிளாக்-ஷோல்ஸ் சூத்திரத்தில் போட்டால் புட் சுமார் 95 ரூபாய், கால் சுமார் 115. கைக்கு வந்த பிரீமியம் 52,500 ரூபாய்.

இப்போது அவர் திரையில் டெல்டாவைப் பார்க்கிறார். இரு பக்கமும் ஏறக்குறைய சமம். நிஃப்டி ஒரு புள்ளி ஏறினால் எட்டு ரூபாய் நஷ்டம், இறங்கினால் எட்டு ரூபாய் லாபம். அந்த எண்ணை மட்டும் நம்பினால், நிஃப்டி 6 சதவீதம் விழும்போது அவருக்குப் பதினோராயிரம் ரூபாய் லாபம் வர வேண்டும். இந்த நம்பிக்கைதான் ஆபத்து. டெல்டா இந்த நிமிடத்து விலைக்கும் சின்ன அசைவுக்கும் மட்டுமே பொருந்தும். பெரிய அசைவில் அதுவே மாறிக்கொண்டு போகும். கூடவே வாலட்டிலிட்டியும் மாறும்.

அதனால் அந்த மாலையில் செய்ய வேண்டிய வேலை, ஒரு கட்டம் போடுவது. இடப்பக்கம் நிஃப்டி எவ்வளவு நகரலாம் என்பது, மேலே வாலட்டிலிட்டி எங்கே போகலாம் என்பது. ஒவ்வொரு கட்டத்திலும் மொத்த நிலையையும் புதிதாக விலை போட வேண்டும். டெல்டா, வேகா ஆகியவற்றை நகர்வால் பெருக்கிக் கூட்டினால் போதாது. எக்செல் தெரிந்தவர் அரை மணி நேரத்தில் செய்துவிடலாம். ஒரு நாள் கழிந்ததாக வைத்து நான் போட்ட கணக்கு இது. எண்கள் ஆயிரம் ரூபாயில்:

| நிஃப்டி | வாலட்டிலிட்டி 15 | 21 | 27 |
|---|---|---|---|
| −9% | −171 | −194 | −222 |
| −6% | −48 | −82 | −120 |
| மாற்றமில்லை | +37 | +3 | −43 |
| +6% | −61 | −99 | −142 |

விற்றவர் மனத்தில் இருந்தது மூன்றாவது வரிசையின் முதல் கட்டம் மட்டும்தான்: சந்தை அசையாது, பதற்றம் அடங்கும், 37,000 ரூபாய் கிடைக்கும். அதே வரிசையின் கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். நிஃப்டி ஒரு புள்ளிகூட நகரவில்லை. ஆனால் முடிவு தெளிவில்லாமல் பதற்றம் 27-க்கு ஏறினால் 43,000 நஷ்டம்.

ஜூன் 4 அன்று என்ன நடந்தது? நிஃப்டி 21,884-ல் முடிந்தது, 5.9 சதவீத வீழ்ச்சி. விக்ஸ் 27-ஐ ஒட்டி நின்றது. அதாவது இரண்டாவது வரிசையின் கடைசிக் கட்டம்: வாங்கிய பிரீமியத்தைப் போல இரு மடங்குக்கும் மேல், 1,20,000 ரூபாய் நஷ்டம். நாளின் நடுவே நிஃப்டி 21,281 வரை, எட்டரை சதவீதம் இறங்கியது. விக்ஸ் 31-ஐத் தாண்டியது. அந்த நேரத்தில் கணக்கு நின்றது −9 வரிசைக்கு அருகில், அதுவும் கட்டத்தின் வலது விளிம்புக்கும் வெளியே. மாலை முடிவு விலையைப் பார்ப்பதற்குள் பலருடைய நிலையைத் தரகு நிறுவனம் மூடியிருக்கும். நஷ்டம் ஏறும் அதே நிமிடத்தில் மார்ஜின் தேவையும் ஏறுவதால், கையில் உபரிப் பணம் இல்லாதவருக்கு மோசமான கட்டமே இறுதிக் கட்டமாகிவிடுகிறது.

இந்தக் கட்டத்தை எவ்வளவு அகலமாகப் போடுவது? அதே மாதிரி நிகழ்ச்சிகளின் பழைய நாட்களைப் பாருங்கள். 2004 மே 17-ல், ஆட்சி மாறியதைத் தொடர்ந்து நிஃப்டி ஒரே நாளில் 12 சதவீதம் அளவுக்கு விழுந்தது. 2009 மே 18-ல் 17 சதவீதத்துக்கு மேல் ஏறி, வர்த்தகமே நிறுத்தப்பட்டது. எனவே தேர்தல் முடிவுக்கு 9 சதவீதத்தில் நிறுத்துவதே குறைவு. மேல்பக்கத்தையும் விட்டுவிடக் கூடாது. கீழ்வரிசையின் முதல் கட்டம், பதற்றம் 15-க்கு விழுந்தும் 61,000 நஷ்டம் என்கிறது. ஏற்றத்தோடு பதற்றம் அடங்குவது நடக்கக்கூடியதுதான். ஜூன் 5-ல் நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல் மீண்டபோது விக்ஸ் 20-க்குக் கீழே இறங்கியது. பிரீமியம் கரைந்தாலும் விலையின் ஓட்டம் அதை விழுங்கிவிடும். மாறாக, 6 சதவீதம் விழுந்தும் பதற்றம் 15-க்கு இறங்குவது அந்த ஒரு நாளுக்குள் நடக்க வாய்ப்பு மிகக் குறைவு. எல்லாக் கட்டங்களுக்கும் சம எடை கொடுக்க வேண்டாம்.

வாராந்திர ஆப்ஷனும் சேர்ந்து இருந்தால் ஒரு திருத்தம் வேண்டும். எல்லாத் தவணைக்கும் ஒரே ஆறு புள்ளியைக் கூட்டக் கூடாது. விக்ஸ் முப்பது நாளுக்கான அளவு. இன்னும் மூன்றே நாள் இருக்கும் ஆப்ஷனின் வாலட்டிலிட்டி அதைவிடப் பல மடங்கு ஆடும். 30-ஐ மீதி நாட்களால் வகுத்து வர்க்கமூலம் எடுத்துப் பெருக்குவது வழக்கமான தோராயம். மூன்று நாளுக்கு அது மூன்று மடங்கு, அதாவது ஆறு புள்ளி பதினெட்டாகும். அதேபோல, வீழ்ச்சியில் கீழ் ஸ்ட்ரைக் புட்டுகளின் வாலட்டிலிட்டி மற்றவற்றைவிட அதிகம் ஏறும். என் கட்டத்தில் அது இல்லை. ஆகவே இடர் நாளில் உண்மை நஷ்டம் இதைவிடக் கூடுதலாகவே இருக்கலாம். வாங்குவோர் விலைக்கும் விற்போர் விலைக்கும் இடையே விரியும் இடைவெளி தனி.

மார்ஜின் போதும் என்று பங்குச் சந்தையே கணக்கிட்டிருக்கிறதே என்று சிலர் கேட்பதுண்டு. என்எஸ்இ பயன்படுத்தும் ஸ்பான் முறையும் இதே கருத்துதான்: விலையையும் வாலட்டிலிட்டியையும் மாற்றி மாற்றி 16 சூழல்களில் நஷ்டத்தைப் பார்க்கிறது. ஆனால் அதன் வேலை சந்தையைக் காப்பது. உங்கள் சேமிப்பில் எவ்வளவு போனால் தாங்கும் என்பது அதற்குத் தெரியாது.

கட்டம் போட்டபின் செய்ய வேண்டியது ஒன்றே. மிக மோசமான, ஆனால் நடக்கக்கூடிய கட்டத்தை எடுத்து, அந்தத் தொகை போனால் தாங்குமா என்று பாருங்கள். தாங்காது என்றால் அளவைக் குறையுங்கள், அல்லது இறக்கை வாங்குங்கள். நம் உதாரணத்தில் 21,000 புட்டும் 25,500 காலும் அதே அளவு வாங்கியிருந்தால் அதே கணக்கில் ஒன்பதாயிரம் ரூபாய் சொச்சம் செலவு. −9, 27 கட்டத்தின் நஷ்டம் 2,22,000-லிருந்து சுமார் 1,09,000 ஆகக் குறைகிறது. உண்மையில் நடந்த −6, 27 கட்டத்தில் 1,20,000 என்பது சுமார் 66,000 ஆகிறது. இந்தப் பாதுகாப்பை முந்தைய நாளே வாங்க வேண்டும். முடிவு வரத் தொடங்கிய பின் அதே 21,000 புட்டை வாங்கப் போனால், அதன் விலையில் நீங்கள் அஞ்சிய எல்லாமே ஏற்கெனவே சேர்ந்திருக்கும்.